ஆராய்ச்சிக் கட்டுரையின் முகப்புக் கடிதம்

1665-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியின் காரியதரிசியாக இருந்த ஹென்றி ஓல்டன்பர்க், 'ஃபிலசாஃபிகல் டிரான்ஸாக்‌ஷன்ஸ்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கியபோது, அதில் அச்சேறியவற்றுள் பல, ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து அவருக்கு வந்த கடிதங்களும் அவற்றின் சாரங்களுமே ஆகும். கண்டறிந்த விஷயமும், அதைக் கண்டவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும், அதை யாருக்கு ஏன் எழுதுகிறார் என்பதும் ஒரே தாளில் கலந்து கிடந்தன. காலம் செல்லச் செல்ல, ஆராய்ச்சிக் கட்டுரை என்பது தனக்கென ஓர் இலக்கணத்தை வகுத்துக்கொண்டு, எழுதியவரின் குரலைக் கூடியவரை ஒடுக்கிக்கொண்ட ஒரு வடிவமாக முதிர்ந்தது. ஒருவர் மற்றொருவரிடம் நேர்முகமாகச் சொல்ல வேண்டியவை யாவும் கட்டுரையை விட்டு வெளியேறி, அதன் முன்னே செல்லும் ஒரு தனித் தாளில் தங்கின. அத்தாளையே இன்று முகப்புக் கடிதம் என்கிறோம். மையும் உறையும் போய் மின்னஞ்சலாகிவிட்ட பின்னும், அது சொல்ல வேண்டிய செய்திகள் மூன்றே: இக்கட்டுரை அறிவுக்குப் புதிதாக என்ன சேர்க்கிறது என்பது ஒன்று, இது வேறெங்கும் வெளிவந்ததோ பரிசீலனையில் இருப்பதோ அன்று என்பது ஒன்று, இதில் பெயர் கண்ட அனைவரும் இதற்கு உடன்பட்டிருக்கின்றனர் என்பது ஒன்று.

இம்மூன்றையும் ஒரே தரத்தவையாகக் கருதிவிடுவதே இத்துறையில் நிகழும் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். முதற்செய்தி உண்மையா என்பதைப் பத்திராதிபர் கட்டுரையைப் படித்தும், மதிப்பீட்டாளரைக் கேட்டும் சோதித்துக்கொள்ளலாம். மற்ற இரண்டையும் அவ்வாறு சோதிக்க அவருக்கு உடனடியான வழி எதுவும் இல்லை; கடிதம் எழுதியவரின் வாய்மொழியே அங்கு சாட்சியம். ஆகவே முதலாவது ஒரு வாதம், பின்னிரண்டும் பிரமாணங்கள். வாதத்தைச் சுருக்கமாகவும், பிரமாணத்தை விவரமாகவும் எழுத வேண்டியிருக்க, நம்மவர்கள் பெரும்பாலும் வாதத்தை ஒரு பக்கம் நீட்டிவிட்டு, பிரமாணத்தைப் பிறர் கடிதத்திலிருந்து எடுத்த ஒற்றை வாக்கியத்தால் முடித்துவிடுகின்றனர்.

வாதத்தை எவ்வளவு சுருக்கலாம் என்பதற்கு, விஞ்ஞான சரித்திரத்தில் நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த உதாரணம், 1924-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதம். அப்போது போஸுக்கு வயது முப்பது. டாக்கா பல்கலைக்கழகத்தில் பௌதிகம் போதித்துவந்தார். ஐன்ஸ்டைனுக்கு அவர் முற்றிலும் அந்நியர். கட்டுரையை உடன் வைத்து அவர் எழுதிய அக்கடிதத்தில், பிளாங்க் விதியில் வரும் ஒரு குணகத்தைப் பழைய மின்னியக்கவியலின் துணையின்றித் தாம் வருவிக்க முயன்றிருப்பதாகவும், அதற்குத் தாம் கொண்ட அனுமானம் இன்னது ஒன்றே என்றும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். தமக்கு ஜெர்மன் மொழி போதிய அளவு தெரியாது என்றும், கட்டுரை பிரசுரத்துக்குத் தக்கது என்று ஐன்ஸ்டைன் கருதினால் அதை 'ஸைட்ஷ்ரிஃப்ட் ஃபூர் ஃபிஸிக்' இதழில் வெளியிட ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறார். ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, அது முக்கியமான முன்னேற்றம் என்று தம் குறிப்பையும் சேர்த்து அவ்வாண்டே வெளிவரச் செய்தார்.

அந்த ஒரு வாக்கியத்தை அலசிப் பார்த்தால் அதன் வலிமை எதில் இருக்கிறது என்பது விளங்கும். முன்பே அறியப்பட்டது எது என்பதை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவ்விதியை யாரும் மறுக்கவில்லை, அதற்குச் செல்லும் வழியில்தான் ஒரு குறை இருந்தது. அக்குறை எது என்பதை 'துணையின்றி' என்ற ஒரு சொல் காட்டுகிறது. அக்குறையை நீக்கத் தாம் செலுத்திய விலை, அதாவது தாம் கொண்ட அனுமானம், இன்னது என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. தம் கட்டுரை மகத்தானது என்றோ, பௌதிகத்தையே புரட்டிவிடும் என்றோ அவர் சொல்லவில்லை. துறையறிந்த ஒருவர் அவ்வாக்கியத்தைப் படித்த மாத்திரத்தில், அது நிறைவேறியிருந்தால் என்ன பொருள்படும் என்பதைத் தாமே உணர்ந்துகொள்வார். அறிந்தது, குறை, வழி, வழிக்கு வேண்டிய அனுமானம் என்ற இந்த நான்கும் அடங்கிய இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு மேல் எந்த முகப்புக் கடிதத்திலும் பங்களிப்பைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

இதற்கு மாறாக வழக்கில் காண்பது, கட்டுரையின் சுருக்கத்தையே கடிதத்தில் ஒட்டிவிடுவது. சுருக்கம் என்பது செய்ததைச் சொல்வது. பத்திராதிபருக்கு வேண்டியதோ, செய்ததனால் எது மாறுகிறது என்பது. இன்னொரு வழக்கம், 'முதன்முறையாக' என்ற சொல்லைத் தாராளமாக வழங்குவது. உலகத்தில் எவரும் செய்யாதது என்று ஒருவர் அறுதியிட்டுச் சொல்ல முடியாது; தாம் தேடிப் பார்த்த அளவில் காணவில்லை என்று மட்டுமே சொல்ல முடியும். அவ்வாறு சொல்பவர் தேடியிருக்கிறார் என்ற நம்பிக்கை பத்திராதிபருக்கு உண்டாகிறது. 'முதன்முறையாக' என்று முழங்குபவரின் கட்டுரையிலோ, முன்னோடியான ஒரு கட்டுரையை மதிப்பீட்டாளர் எடுத்துக்காட்டிவிட்டால், எஞ்சிய நல்ல விஷயங்களின் மீதும் ஐயம் படர்ந்துவிடுகிறது.

இதைத் திருஷ்டாந்தமாக விளக்க ஒரு கட்டுரையைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். தருமபுரி மாவட்டத்துக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதும், அதனால் பற்களும் எலும்புகளும் பழுதுறுவதும் நெடுநாளாக அறியப்பட்டவை. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. ஓர் ஆராய்ச்சி மாணவி, அவருடைய வழிகாட்டி, வேறொரு கல்லூரியின் நிலவியல் பேராசிரியர், ஒரு புள்ளியியலாளர் ஆகிய நால்வர், அம்மாவட்டத்தின் அறுபது கிணறுகளை மே மாதத்தில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரியில் ஒரு முறையும் அளந்தனர் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய ஆய்வுகள் ஒரே பருவத்து அளவைக் கொண்டு கிணறுகளை நல்லவை, தீயவை என்று பிரித்தன என்றும், இவர்கள் அளந்ததில் பதினொரு கிணறுகள் ஒரு பருவத்தில் வரம்புக்குள்ளும் மறு பருவத்தில் வரம்புக்கு வெளியிலும் நின்றன என்றும் கொள்வோம்.

இக்கட்டுரைக்கு முகப்புக் கடிதம் எழுதப் புகும் மாணவியின் கை, இயல்பாக எங்கே போகும்? ஃபுளோரைடு உலகெங்கும் பல கோடி மக்களைப் பாதிக்கும் கொடிய பிரச்சினை என்று தொடங்கும். நீர் உயிருக்கு ஆதாரம் என்று தொடரும். இவை அந்தப் பத்திராதிபர் ஒவ்வொரு வாரமும் படிக்கும் வாக்கியங்கள். அவர் அறியாதது ஒன்றே: ஒரு பருவத்தில் மட்டும் அளந்தால், அறுபதில் பதினொரு கிணறுகளைப் பற்றிய முடிவு எந்த மாதத்தில் அளந்தோம் என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது என்பதே அது. கடிதத்தில் அந்த எண் நிற்க வேண்டும். ஓராண்டு மட்டுமே அளந்தோம் என்ற எல்லையும் அதனருகே நிற்க வேண்டும். எல்லையைச் சொல்வதால் கட்டுரையின் மதிப்புக் குறைந்துவிடும் என்று இளையவர்கள் அஞ்சுகின்றனர். போஸ் தம் அனுமானத்தை வெளியே வைத்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது செய்திக்கு வருவோம். ஒரு கட்டுரையை ஒரே சமயத்தில் ஒரு சஞ்சிகைக்கு மட்டுமே அனுப்ப வேண்டும், முன்பே வெளிவந்ததை மீண்டும் புதிதென்று தரலாகாது என்ற விதி இன்று எல்லோருக்கும் தெரிந்ததே. இதை வெளிப்படையாகப் பிரகடனம் செய்தவர்களுள் பெயர் பெற்றவர், 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' பத்திராதிபரான ஃபிரான்ஸ் இங்கல்ஃபிங்கர். 1969-இல் அவர் வகுத்த விதி அவர் பெயராலேயே வழங்குகிறது. தம் இதழின் புதுமையைக் காப்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று என்பதை மறுக்க முடியாது. ஆயினும், அவ்விதிக்கு அதைவிட ஆழமான நியாயம் ஒன்று உண்டு. அது பின்னாளில்தான் எண்களால் நிரூபணமாயிற்று.

1997-இல் 'பிரிட்டிஷ் மெடிகல் ஜர்ன'லில் வெளிவந்த ஓர் ஆய்வு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் நேரும் வாந்தியைத் தடுக்கும் ஆண்டான்செட்ரான் என்னும் மருந்தைப் பற்றிய கட்டுரைகளைத் திரட்டிச் சோதித்தது. அவற்றுள் சில, ஒரே நோயாளிகளைப் பற்றிய ஒரே விவரங்களை, வேறு ஆசிரியர் வரிசையுடனும் வேறு தோற்றத்துடனும், முதல் கட்டுரையைச் சுட்டாமலேயே மீண்டும் சொன்னவை என்பது புலனாயிற்று. நன்கு பலித்த சோதனைகளே இவ்வாறு திரும்பத் திரும்ப வெளிவந்திருந்தபடியால், எல்லாவற்றையும் தனித்தனிச் சோதனைகளாக நம்பிக் கூட்டிக் கணக்கிட்டபோது, அம்மருந்தின் பலன் இருபத்து மூன்று சதவீதம் மிகையாகத் தோன்றியது. ஒரே நோயாளி இருமுறை எண்ணப்படுகிறார். அவரைப் பார்த்திராத மருத்துவர் அந்தக் கணக்கை நம்பி மருந்து எழுதுகிறார். 'வேறெங்கும் வெளிவரவில்லை' என்று முகப்புக் கடிதத்தில் ஒருவர் எழுதும் வாக்கியம் இவ்வளவு தூரம் சென்று பயனோ தீமையோ விளைக்கிறது. விதிக்கு விலக்குகளும் உண்டு. அமெரிக்காவில் மாணவர்கள் நடத்தும் சட்ட சஞ்சிகைகளைப் பொறுத்தவரை, ஒரே கட்டுரையைப் பல இடங்களுக்குச் சமகாலத்தில் அனுப்புவது ஏற்கப்பட்ட வழக்கம். அங்கே அது மறைவின்றி நடப்பதால் எவரும் ஏமாறுவதில்லை.

ஏமாற்றம் என்பதே இங்கே மையக் கருத்து என்பதால், இந்தப் பிரமாணத்தின் மதிப்பு அது மறுப்பதில் இல்லை, அது ஒப்புக்கொள்வதில்தான் இருக்கிறது. இன்றைய நிலையில் எந்தப் பயனுள்ள ஆய்வும் முழு இருளிலிருந்து நேரே சஞ்சிகைக்கு வருவதில்லை. நம் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். மாணவியின் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பிக்கப்பட்டு, காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் எவரும் படிக்கும்படி ஏறியிருக்கிறது. கோடைக்காலத்து அளவுகளை மட்டும் ஒரு மாநாட்டில் படித்து, ஒரு பக்கச் சுருக்கம் அதன் மலரில் வந்திருக்கிறது. இந்நிலையில் 'இக்கட்டுரையின் எப்பகுதியும் எங்கும் எவ்வடிவிலும் வெளிவந்ததில்லை' என்ற வழக்கமான வாக்கியத்தை மாணவி கையெழுத்திட்டு அனுப்பினால், அவர் அறியாமலே ஒரு பொய்யுரைத்தவர் ஆகிறார். சஞ்சிகை அலுவலகம் ஒப்புமை காணும் மென்பொருளில் கட்டுரையை இட்ட நாழிகையில், அது சோத்கங்காவிலுள்ள அவருடைய ஆய்வேட்டையே சுட்டிக்காட்டும். வாக்கியங்கள் வரிக்கு வரி ஒத்திருக்கும். ஆய்வேட்டிலிருந்து கட்டுரை எழுதுவது குற்றமன்று. பெரும்பாலான சஞ்சிகைகள் அதனை முன்பிரசுரமாகக் கருதுவதும் இல்லை. மாநாட்டுச் சுருக்கத்துக்கும், அச்சுக்கு முன்னே இணையக் களஞ்சியங்களில் இடும் முன்பிரதிக்கும் பெரும்பாலும் இவ்வாறே. ஆனால் முன்கூட்டிச் சொல்லப்பட்ட ஒப்புமை ஒரு தகவலாகவும், சொல்லாமல் கண்டுபிடிக்கப்பட்ட ஒப்புமை ஒரு குற்றச்சாட்டாகவும் மாறிவிடுகிறது. சொல்லியும் சஞ்சிகை ஏற்க மறுக்குமாயின், அம்மறுப்பு ஒரு வாரத்தில் வந்துவிடும். சொல்லாவிடில் அதுவே ஆறு மாத மதிப்பீட்டுக்குப் பின், சில வேளை பிரசுரமான பின்பும், வந்து சேரும்.

ஒரே சமயத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எண்ணுபவர்களும் இருக்கின்றனர். குறுகிய துறைகளில் ஒரு விஷயத்தை மதிப்பிட வல்லவர்கள் சிலரே. இரண்டு பத்திராதிபர்களும் ஒரே மதிப்பீட்டாளரை நாடுவது அடிக்கடி நேர்வது. அவர் தம் ஊதியமற்ற உழைப்பை ஒரே கட்டுரைக்கு இருமுறை கேட்டதைக் கண்டு இருவருக்கும் எழுதிவிடுகிறார்.

மூன்றாவதாகிய ஆசிரியர்களின் உடன்பாடு, மூன்றினும் எளிதாகத் தோன்றி மூன்றினும் அதிகமாகப் பிழைபடுவது. 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி 'ஃபிஸிகல் ரிவியூ' இதழில், தனிமங்களின் தோற்றத்தைப் பற்றி ஆல்ஃபர், பேத்தே, காமோவ் என்ற மூவர் பெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. வேலை முழுவதும் ரால்ஃப் ஆல்ஃபரும் அவர் வழிகாட்டியான ஜார்ஜ் காமோவும் செய்தது. கிரேக்க நெடுங்கணக்கின் முதல் மூன்று எழுத்துக்களைப் போல ஒலிக்க வேண்டும் என்ற விளையாட்டு ஆசையினால், அவ்வேலையில் ஈடுபடாத ஹான்ஸ் பேத்தேயின் பெயரைக் காமோவ் இடையில் சேர்த்தார். பேத்தே பின்னர் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஆல்ஃபர் அப்போது டாக்டர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்த மாணவர். புகழ் பெற்ற இரு பெயர்களுக்கு நடுவே தம் உழைப்பு மறைந்துவிடும் என்று அவர் வருந்தினார். இச்சம்பவத்தைப் பலர் வேடிக்கையாகவே சொல்லி வருகின்றனர். எனக்கு அது வேடிக்கையாகப் பட்டதில்லை. பெயர் சேர்க்கப்பட்டவரின் சம்மதம் பின்னால் கிடைத்துவிடலாம். பெயர் சேர்த்ததால் நிழல் விழுந்த மற்றவரின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை என்பதே அங்குள்ள அநீதி.

பெயர் தானம் பெற்றவரும் பாதுகாப்பில் இல்லை என்பதை 1994-இல் இங்கிலாந்தில் நடந்தது காட்டிற்று. கருப்பைக்கு வெளியே தங்கிய கருவை எடுத்துக் கருப்பையில் பதித்துக் குழந்தை பிறந்ததாக ஒரு மருத்துவர் எழுதிய கட்டுரை, மகப்பேறு மருத்துவத் துறையின் பேர்பெற்ற பிரிட்டிஷ் சஞ்சிகையில் வந்தது. அப்படி ஒரு நோயாளியே இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. எழுதியவர் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். அக்கட்டுரையில் துணையாசிரியராகப் பெயர் கண்டவரோ, அச்சஞ்சிகைக்கே பத்திராதிபரும், அத்துறையின் ராயல் கல்லூரிக்குத் தலைவருமாக இருந்த மூத்தவர். துறைத் தலைவரின் பெயரைச் சேர்க்கும் வழக்கத்தின்படி தம் பெயர் இடம்பெற அவர் இசைந்திருந்தாரே ஒழிய, அந்தப் பொய்யில் அவருக்குப் பங்கில்லை. ஆயினும் இரு பதவிகளையும் அவர் துறக்க நேர்ந்தது. 1997-இல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திராதிபர்கள் சிலர் கூடிப் பிரசுர ஒழுக்கத்துக்கென ஒரு குழுவை நிறுவியது இத்தகைய நிகழ்ச்சிகளின் பின்னணியில்தான்.

யார் ஆசிரியர் என்பதற்கு மருத்துவ சஞ்சிகைப் பத்திராதிபர்களின் சர்வதேசக் குழு வகுத்துள்ள அளவுகோலே இன்று பல துறைகளிலும் பரவியிருக்கிறது. ஆய்வின் கருத்திலோ விவரங்களிலோ கணிசமான பங்கு கொண்டிருக்க வேண்டும். கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ அறிவுபூர்வமாக ஈடுபட்டிருக்க வேண்டும். இறுதி வடிவத்தை ஏற்றிருக்க வேண்டும். 2013-இல் சேர்க்கப்பட்ட நான்காவதன்படி, கட்டுரையின் எப்பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் விடை காண உதவும் பொறுப்பை ஏற்றிருக்க வேண்டும். நான்கும் ஒருங்கே வேண்டும். நம் உதாரணத்தில், ஆய்வுக்கூடத்தில் அறுபது கிணற்று நீரையும் மின்முனையால் அளந்து தந்த உதவியாளர், கட்டுரையை வாசித்துத் திருத்தும் வாய்ப்பும் பெற்றால் ஆசிரியராகலாம். அந்த வாய்ப்பையே அவருக்கு மறுத்துவிட்டு, நான்கும் நிறையவில்லை என்று விலக்குவது அந்த அளவுகோலைத் தவறாக ஆள்வதாகும். துறைத் தலைவர், அறை கொடுத்தார் என்பதற்காக ஆசிரியராகார்; நன்றியுரையில் அவருக்கு இடம் உண்டு. இவ்விரண்டையும் மாணவி ஒருவரே தீர்மானிக்க முடியாத நிலைமை நம் கல்லூரிகளில் பெரும்பாலும் இருக்கிறது என்பதை நான் அறிவேன். ஆதலின் இதைப் பேசித் தீர்க்கும் பொறுப்பு வழிகாட்டியுடையது.

உடன்பாட்டைப் பெறும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. 'கட்டுரையை அனுப்பப் போகிறேன், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும்' என்று எழுதிவிட்டு மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது பரவலான வழக்கம், அது சம்மதமாகாது. அனுப்பப் போகும் அதே கோப்பை நால்வருக்கும் அனுப்பி, இவ்வடிவத்தை முழுவதும் படித்தீர்களா, பெயர் வரிசையை ஏற்கிறீர்களா, இச்சஞ்சிகைக்கு அனுப்புவதை ஏற்கிறீர்களா, சஞ்சிகையுடன் எழுத்துப் போக்குவரத்தை நான் நடத்த இசைகிறீர்களா என்று கேட்டு, ஒவ்வொருவரிடமும் எழுத்தில் பதில் பெற்று, அப்பதில்களை வைத்துக்கொள்ள வேண்டும். புள்ளியியலாளர் பதில் எழுதும்போது ஓர் அட்டவணையைத் திருத்தினாரானால், திருந்திய கோப்பு மீண்டும் நால்வரிடமும் போக வேண்டும். சமர்ப்பித்த பின் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டியிருந்தால், நீக்கப்படுபவர் உட்பட எல்லோருடைய எழுத்துச் சம்மதத்தையும் பத்திராதிபர் கேட்பார். அத்தகைய வேண்டுகோளை அவர் மிகுந்த ஐயத்துடன் பார்ப்பதற்குக் காரணம், கட்டுரையில் ஆசிரியர் இடத்தை விலைக்கு விற்கும் கூட்டங்கள் இன்று இயங்குவதும், ஏற்பு நெருங்கும் வேளையில் புதுப்பெயர் தோன்றுவது அவற்றின் அடையாளங்களில் ஒன்றாக இருப்பதுமே. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்க இயலாத கட்டுரைகளும் உண்டு. 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி ஜெனீவாவின் இரு ஆய்வுக் கூட்டங்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 பெயர்கள் இருந்தன. அங்கே உடன்பாடு கூட்டங்களின் உள்விதிகளால் பெறப்படுகிறது. நால்வர் கட்டுரைக்கு அந்தச் சலுகை இல்லை.

இவ்வளவும் ஆயத்தமான பின் மின்னஞ்சலை எழுதுவது கால் மணி நேர வேலை. தன் கல்லூரி முகவரியிலிருந்து எழுதுவதும், மற்ற மூன்று ஆசிரியர்களுக்கும் நகல் போவதும் நல்லது. உடன்பாட்டை அறிவிக்கும் கடிதம் உடன்பட்டவர்களின் கண்முன்னே செல்கிறது என்பது அதன் நம்பகத்தைப் பெருக்கும். பொருள் வரியில் புதிய சமர்ப்பணம் என்பதும் கட்டுரைத் தலைப்பும் போதும். உடல் இவ்வாறு அமையலாம்:

"மதிப்பிற்குரிய பத்திராதிபர் அவர்களுக்கு, 'தருமபுரி மாவட்டக் கிணறுகளில் ஃபுளோரைடு அளவின் பருவ மாறுபாடு' என்னும் கட்டுரையைத் தங்கள் சஞ்சிகையின் பரிசீலனைக்காக இத்துடன் அனுப்புகிறேன். அம்மாவட்டக் கிணறுகள் இதுவரை ஒரே பருவத்து அளவைக் கொண்டே வகைப்படுத்தப்பட்டு வந்தன. அறுபது கிணறுகளை இரு பருவங்களில் அளந்ததில், பதினொன்று ஒரு பருவத்தில் மட்டும் 1.5 மில்லிகிராம் வரம்பைக் கடந்தன. ஆகவே ஒருமுறை அளவை நம்பி ஒரு கிணற்றைப் பாதுகாப்பானது எனல் இயலாது. எங்கள் அளவுகள் ஓராண்டுக்கு மட்டுமே உரியவை. இக்கட்டுரை வேறு எந்தச் சஞ்சிகையிலும் வெளிவந்ததன்று, பரிசீலனையிலும் இல்லை. இதன் அடிப்படை விவரங்கள் முதல் ஆசிரியரின் ஆய்வேட்டில் உள்ளன; அது சோத்கங்காவில் கிடைக்கும். கோடைக்கால அளவுகளின் ஒரு பக்கச் சுருக்கம் ஒரு மாநாட்டு மலரில் வெளிவந்தது. அதன் பிரதியை இணைத்துள்ளேன். நான்கு ஆசிரியர்களும் இந்த இறுதி வடிவத்தைப் படித்து, பெயர் வரிசைக்கும் இச்சமர்ப்பணத்துக்கும் எழுத்தில் இசைந்துள்ளனர். இம்மின்னஞ்சலின் நகல் அவர்களுக்கும் செல்கிறது. எங்களில் எவருக்கும் இவ்விஷயத்தில் பொருளாதாரத் தொடர்பு இல்லை. தங்கள் உண்மையுள்ள..."

இதற்கு மேல் சேர்க்கத் தக்கவை மிகச் சிலவே. சஞ்சிகை மதிப்பீட்டாளர் பெயர்களைக் கேட்டால் மட்டும் தர வேண்டும், அவர்களுடைய நிறுவன முகவரியோடு தர வேண்டும். போலி முகவரிகளிலிருந்து பொய்யான மதிப்புரைகள் வந்திருந்ததனால் 2015-இல் ஸ்பிரிங்கர் நிறுவனம் ஒரே சமயத்தில் 64 கட்டுரைகளை விலக்கிக்கொண்டது. பெயர் மறைத்து மதிப்பிடும் சஞ்சிகையாயின், கடிதம் கட்டுரைக் கோப்புக்குள் ஒட்டிக்கொள்ளாதபடி தனியே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கோப்பாகிவிட்டால், கட்டுரையில் மறைத்த பெயர்கள் அனைத்தும் முதற்பக்கத்திலேயே மதிப்பீட்டாளர் கண்ணில் படும். முன்பு நிராகரித்த வேறொரு சஞ்சிகையின் பெயர் விளிப்பில் தங்கிவிடுவதும் அடிக்கடி காணும் பிழை. அனுப்புவதற்கு முன் முதல் வரியை உரக்கப் படித்தாலே அது அகப்பட்டுவிடும்.

முகப்புக் கடிதமே தேவையற்றது என்று வாதிப்போரும் இருக்கின்றனர். இன்று பெரும்பாலான சஞ்சிகைகள் சமர்ப்பணத்தை இணையப் படிவத்தின் வாயிலாகவே பெறுகின்றன, புதுமைக்கும் உடன்பாட்டுக்கும் அங்கே கட்டங்கள் உள்ளன, குறியிட்டால் முடிந்தது. சில பத்திராதிபர்கள், கடிதத்தின் வாதம் தம் தீர்ப்பைச் சாய்த்துவிடலாகாது என்று கட்டுரையைப் படித்த பின்பே அதைத் திறக்கின்றனர். வாதப் பகுதியைப் பொறுத்தவரை இவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அப்பகுதி இல்லாமலும் நல்ல கட்டுரை தன் வழியைக் கண்டுகொள்ளும். பிரமாணப் பகுதிக்கு அந்த நியாயம் பொருந்தாது. கட்டத்தில் இடும் குறி ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே சொல்லும். ஆய்வேடு ஒன்று உண்டு, மாநாட்டுச் சுருக்கம் ஒன்று உண்டு, ஒரு பெயர் இன்ன காரணத்தால் பின்னர் சேர்ந்தது என்ற விவரங்களுக்கு அதில் இடமில்லை. அவ்விவரங்கள் உள்ளவரையில், படிவம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஆசிரியர் ஒரு கடிதம் எழுதியே ஆக வேண்டும்.